119-உம் 208-உம்: அம்மாவுக்குச் சீனி வருத்தமா, இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மல்லாவியில் இருக்கிறோம். போன மாதம் வெறும் வயிற்றில் கையில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி 119. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 208. ஒருவர் "வருத்தம் தொடங்கிவிட்டது, குளிசை போடத்தான் வேணும்" என்கிறார். இன்னொருவர் "பாஸ்டிங் 126ஐத் தாண்டவில்லை, ஒன்றுமில்லை" என்கிறார். அம்மாவுக்கு வேறு ஒரு குறையும் இல்லை. எது சரி? இந்த இரண்டு எண்ணையும் எப்படிப் பார்க்க வேணும்?

பதில்:

இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டார்கள். இந்த இரண்டு எண்ணை வைத்து அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதிக்கொடுக்கவும் முடியாது, ஒன்றுமில்லை என்று கடதாசியை மடித்து வைக்கவும் முடியாது. இன்னும் ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரியில் செலவழித்தால் பதில் கிடைத்துவிடும். அந்தக் காலைப்பொழுதில் என்ன செய்ய வேணும், ஏன் இந்த இரண்டு எண்ணும் போதாது என்பதைச் சொல்கிறேன். வன்னி ஆஸ்பத்திரி லேப்களில் கனகாலம் இரத்தம் எடுத்தவன் நான். டொக்டர் இல்லை. குளிசை போடுவதா வேண்டாமா என்பது அவர்களின் பாடு. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது என் பாடு.

முதலில் எல்லைக்கோடுகள். இங்கே சொல்வதெல்லாம் கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு, கை நரம்பில் எடுத்த இரத்தத்தில் கலங்களை நீக்கிய தெளிந்த நீரில், அதாவது பிளாஸ்மாவில், டெசிலீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்ற கணக்கு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சீனி வருத்தத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். குளுக்கோஸ் குடித்த பிறகு 140க்கும் 199க்கும் இடையில் நின்றால் அது வருத்தத்துக்கு முந்திய நிலை. வெறும் வயிற்றில் அந்த முந்திய நிலை எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் இரண்டு கட்சி: அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100இல் தொடங்குகிறது, உலக சுகாதார நிறுவனம் 110இல். உங்கள் அம்மாவின் 119 எந்தக் கட்சிப்படி பார்த்தாலும் அதற்குள்தான் வருகிறது. அதனால் "ஒன்றுமில்லை" என்ற பேச்சுக்கு இப்போதே இடமில்லை.

126 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. முன்பு அந்தக் கோடு 140இல் இருந்தது. எந்த அளவுக்கு மேலே போனால் கண்ணின் விழித்திரையில் சீனி வருத்தத்துக்கே உரிய சேதம் கூடத் தொடங்குகிறது என்று ஆயிரக்கணக்கானவர்களில் பார்த்து, 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு அதை 126க்கு இறக்கியது. 1999இல் உலக சுகாதார நிறுவனமும் அதை எடுத்துக்கொண்டது. ஒரு சின்ன விஷயம், வன்னியில் இது அடிக்கடி வருவதால் சொல்கிறேன்: லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர் தொலைபேசியில் "எனக்கு 7 தானே, உங்களுக்கு எப்படி 126?" என்று கேட்டுப் பயமுறுத்துவார்கள். அங்கே மில்லிமோல் கணக்கு. நம்முடைய எண்ணை 18ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். 126ஐ 18ஆல் வகுத்தால் 7. அவருக்கு 7 என்றால் அவரும் கோட்டில்தான் நிற்கிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம். மேலே "குளுக்கோஸ் குடித்து" என்று சொன்னேன், "சோறு சாப்பிட்டு" என்று சொல்லவில்லை. உங்கள் குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. லேப்பில் பி.பி.பி.எஸ் என்று எழுதித் தருவது, வீட்டில் சாப்பிட்ட சாதாரணச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுக்கிற இரத்தம். ஏற்கனவே வருத்தம் இருந்து குளிசை போடுகிறவருக்கு அது நல்ல பரிசோதனை. தான் வழக்கமாகச் சாப்பிடுகிற புட்டுக்கும் சோற்றுக்கும் அந்தக் குளிசை ஈடுகொடுக்கிறதா என்று அது காட்டும். புதிதாக ஒருவருக்கு வருத்தம் இருக்கிறதா என்று முடிவு சொல்ல அது போதாது, ஏனென்றால் அதற்கு அளவு கிடையாது. குளுக்கோஸ் பரிசோதனையில் எல்லோரும் 75 கிராம்தான் குடிக்கிறார்கள், கொழும்பிலும் அதுதான், ஜப்பானிலும் அதுதான். 200 என்ற கோடு அந்த 75 கிராமுக்குப் போட்ட கோடு. சாப்பாட்டுக்கு அப்படி ஒரு கோடு போட யாராலும் முடியாது.

ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் பாருங்கள். அவித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. வயலுக்குப் போய் வந்த ஒருவர் மத்தியானம் 400 கிராம் சோறு சாப்பிடுவது பெரிய காரியமில்லை, அதிலேயே 110 கிராம் தாண்டிவிடும். ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்று "சீனி கூடக் காட்டும்" என்று பயந்து இரண்டு துண்டு பாணும் பச்சைத் தண்ணீருமாக வருகிறவருக்கு 30 கிராமும் வராது. இரண்டு பேருக்கும் கடதாசியில் ஒரே பெயர்தான், பி.பி.பி.எஸ். அதோடு தேங்காய்ப் பால் ஊற்றிய கறியும் பொரியலும் இருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சீனி பிந்தி ஏறும், இரண்டாவது மணித்தியாலத்தில் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

நேரம் இன்னொரு சிக்கல். இரண்டு மணித்தியாலம் முதல் கவளத்திலிருந்து தொடங்குகிறது. நம் ஆட்கள் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள், சிலர் வெற்றிலை போட்டு முடித்த நேரத்திலிருந்து. அங்கேயே அரை மணித்தியாலம் போய்விடும். அப்புறம் சைக்கிள். காலையில் புட்டுச் சாப்பிட்டுவிட்டு ஐந்தாறு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிறவரின் கால் தசைகள் வழியெல்லாம் சீனியை எரித்துக்கொண்டே வரும். வீட்டில் இருந்திருந்தால் 210 காட்ட வேண்டியவருக்கு 165 காட்டும். அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்.

அதனால் உங்கள் அம்மாவின் 208ஐ வருத்தம் என்றோ இல்லை என்றோ நான் எடுக்கமாட்டேன். அதை ஒரு சந்தேகமாக எடுப்பேன், பலமான சந்தேகமாக. வருத்தம் இல்லாத ஒருவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வழக்கமாக 140க்குக் கீழே இறங்கிவிடும். தட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 208 என்பது கேள்வி கேட்க வைக்கிற எண்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடங்காத தாகம், இரவில் நாலைந்து தடவை சலம் போக எழும்புவது, சாப்பிட்டும் உடம்பு மெலிந்துகொண்டே போவது, இந்தக் குறிகள் தெளிவாக உள்ள ஒருவருக்கு எந்த நேரத்தில் எடுத்த இரத்தத்திலும் 200ஐத் தாண்டினால் அதுவே போதும், இரண்டாவது பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பழைய ஆட்கள் சலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துச் சொன்னதும் இந்த நிலையைத்தான். அம்மாவுக்கு இப்படி ஒன்றுமில்லை என்கிறீர்கள். அப்படியானால் கோட்டைத் தாண்டிய இரண்டு முடிவு வேணும். ஒரே பரிசோதனை இரண்டு நாளிலாக இருக்கலாம், இரண்டு வேறு பரிசோதனைகளாகவும் இருக்கலாம். ஒரு எண்ணை வைத்து ஒரு மனுசிக்கு ஆயுள் முழுக்க ஒரு பெயரை ஒட்டக்கூடாது என்பதுதான் அந்த விதியின் நியாயம்.

சரி, வெறும் வயிற்றில் 119 வருகிற ஒருவருக்குச் சாப்பிட்ட பிறகு 208 வருமா, மெஷின் பிழையா என்று கேட்பீர்கள். வரும். நம் தெற்காசிய ஆட்களில் இது அடிக்கடி காண்கிற கோலம். இரண்டு பரிசோதனையும் உடம்பில் இரண்டு வேறு வேலையைப் பார்க்கின்றன. இரவு முழுக்க நாம் சாப்பிடாமல் கிடக்கும்போது ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும். சிறிதளவு இன்சுலின் அதை அளவாக வைத்திருக்கும். காலை எண் சொல்வது அந்தக் கட்டுப்பாட்டை. சாப்பிட்டவுடன் நடப்பது வேறு. மாரியில் ஒரே இரவில் வெள்ளம் வந்தால் இரணைமடுவின் வான்கதவுகளை உடனே திறக்க வேணும், பிந்தினால் மட்டம் ஏறிவிடும். அதுபோலச் சாப்பாட்டுச் சீனி இறங்கும்போது கணையம் முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே ஒரு வீச்சு இன்சுலினைக் கொட்ட வேணும், தசைகள் அதைக் கேட்டுச் சீனியை உள்ளே எடுக்க வேணும். பலருக்கு முதலில் பழுதாவது இந்த முதல் வீச்சும், தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பதும்தான். இரவுக் கட்டுப்பாடு இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும். அப்படியானவருக்குப் பாஸ்டிங் மட்டும் பார்த்து "126க்குக் கீழே" என்று சொல்லி அனுப்பினால், குளத்தைக் கோடையில் பார்த்துவிட்டு வான்கதவு நல்லாய் வேலை செய்கிறது என்று சொல்வது மாதிரி.

உங்கள் 119ஐப் பற்றியும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு மெஷினுக்குள் போனது? குழாய்க்குள் போன பிறகும் இரத்தக் கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பிளாஸ்மாவைப் பிரிக்காமல் சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் மணித்தியாலத்துக்கு 5 தொடக்கம் 7 சதவீதம் குறையும். வெக்கை கூடக்கூட வேகமும் கூடும். 126 இருந்த இரத்தம் ஒரு மணித்தியாலத்தில் 118, 119க்கு வந்து நிற்கும். அம்மாவின் எண்ணும் 119. இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, நடந்திருக்க முடியும் என்கிறேன்.

இதைத் தடுக்கத்தான் சோடியம் ஃபுளோரைட் போட்ட குழாய், பல இடங்களில் சாம்பல் நிற மூடி. அதைப் பலர் மந்திரக் குழாய் மாதிரி நம்புகிறார்கள். ஃபுளோரைட் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும், அதற்குள் முதல் இறக்கம் நடந்துவிடும். அதன் பிறகுதான் எண் அப்படியே நிற்கும். சரியான வழி, எடுத்தவுடன் குழாயை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து அரை மணித்தியாலத்துக்குள் சுற்றும் மெஷினில் போட்டுப் பிளாஸ்மாவைப் பிரிப்பது. நான் வேலை செய்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கிராமத்து நிலையங்களில் காலை ஏழு மணிக்கு எடுத்த குழாய்களை எல்லாம் சேர்த்து முச்சக்கரவண்டியில் பதினொரு மணிக்குக் கொண்டுவருவார்கள். சித்திரை மாத வெயில். அந்தப் பெட்டியில் வருகிற பாஸ்டிங் எண்கள் எங்கள் லேப்பிலேயே எடுத்தவர்களின் எண்களைவிட எப்போதும் கீழே நிற்கும். முதலில் கிராமத்து ஆட்கள் உழைப்பாளிகள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஒரே ஆளிடம் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றை உடனே பார்த்து, மற்றதை மேசையில் மூன்று மணித்தியாலம் விட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. 131 இருந்தது 109 ஆகியிருந்தது. அதற்குப் பிறகு குழாயின் மேல் எடுத்த நேரம் எழுதாமல் யார் தந்தாலும் நான் வாங்கவில்லை.

208ஐக் காட்டிய விரல் மெஷினுக்கும் கொஞ்சம் சொல்ல வேணும். அதை நான் பழிக்கவில்லை, வீட்டில் வருத்தக்காரர் தினமும் பார்க்க அதைவிட வசதி இல்லை. ஆனால் அந்த மெஷின்களுக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேல் போனால் 15 சதவீதம் மேலோ கீழோ இருக்கலாம் என்று இடம் கொடுக்கிறது. அதன்படி பார்த்தால் 208 என்று காட்டினால் உண்மை 181ஆகவும் இருக்கலாம், 245ஆகவும் இருக்கலாம். இன்னொன்று, சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தத்தில் உள்ள சீனி கை நரம்பில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் விரலுக்கு வரும் இரத்தம் தசைக்கு இன்னும் சீனியைக் கொடுக்காத இரத்தம். வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் மிகச் சிறிது, சாப்பிட்ட பிறகு 20, 30 என்று போகும். அப்புறம் மாம்பழம். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் மெஷின் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுவை இழுத்தாலும் போகாது, குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேணும். ஸ்ட்ரிப் டப்பாவை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைத்தவருடைய எண்ணையும், மூடியைத் திறந்தே வைத்தவருடைய எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

ஆகவே அம்மாவிடம் உள்ளது, கொஞ்சம் குறைந்து காட்டியிருக்கக்கூடிய ஒரு காலை எண்ணும், கொஞ்சம் கூடிக் காட்டியிருக்கக்கூடிய ஒரு மத்தியான எண்ணும். டொக்டரிடம் போய் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை எழுதித்தரச் சொல்லுங்கள். லேப்காரர் அதை ஓ.ஜி.டி.டி என்பார்கள். அதோடு ஒரே நாளில் எச்பிஏ1சியும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சீனி சராசரியாக எவ்வளவு நின்றது என்பதைச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் அளவை வைத்துச் சொல்வது. 6.5 சதவீதமும் மேலும் வருத்தத்தின் எல்லை.

அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் செய்கிற பெரிய பிழை முதல் மூன்று நாளில் நடக்கிறது. சீனி இருக்கோ என்ற பயத்தில் சோற்றைக் குறைத்துவிடுவார்கள். குறைத்தால் எண் குறையும் என்பது எல்லோரும் போடுகிற கணக்கு. இங்கே நடப்பது தலைகீழ். மாச்சத்து வராத நாட்களில் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்ளும், இன்சுலின் வீச்சும் மந்தமாகும். அந்த நிலையில் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் வந்தால் சமாளிக்க முடியாமல் எண் மேலே போய் நிற்கும். வருத்தம் இல்லாதவருக்கும் இருப்பதுபோலக் காட்டும். அதனால் மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு, ஒரு நாளைக்குக் குறைந்தது 150 கிராம் மாச்சத்து. வன்னிச் சாப்பாட்டில் அதற்குத் தனியாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை, வழக்கம்போலச் சாப்பிட்டாலே வந்துவிடும். கந்தசஷ்டி விரதம் ஆறு நாள் பிடித்துவிட்டு ஏழாம் நாள் லேப்புக்கு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மா விரதகாரி என்றால் ஒரு கிழமையாவது தள்ளிப் போடுங்கள். காய்ச்சலோ பெரிய புண்ணோ இருந்தாலும் தள்ளிப் போட வேணும், உடம்பு கிருமியோடு சண்டை பிடிக்கும்போது சீனி தானாகவே ஏறும். முட்டுக்கோ மூட்டு நோவுக்கோ பிரட்னிசலோன் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேணும். தாங்களாக நிறுத்தக்கூடாது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின் நேரமும் கணக்கில் வரும். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல், பதினான்கு மணித்தியாலத்தைத் தாண்டாமல் வயிறு வெறுமையாக இருக்க வேணும். தூரத்துக் கிராமங்களில் பொழுதுபடச் சாப்பிட்டுப் படுத்து, விடியப் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பத்து மணிக்கு இரத்தம் கொடுக்கிறவர்களுக்குப் பதினைந்து மணித்தியாலம் ஆகியிருக்கும். அம்மாவை இரவு எட்டரை மணிபோலச் சாப்பிடச் சொல்லுங்கள். அதன் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். "சீனி போடாத தேத்தண்ணிதானே" என்று கேட்பார்கள், அதுவும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம்.

காலையில் முதல் இரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை ஒரு தம்ளர், அதாவது 250 தொடக்கம் 300 மில்லிலீட்டர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேணும். கடையில் வாங்குகிற குளுக்கோஸ் தூளில் நீர் சேர்ந்த வகையும் உண்டு, அதில் 82.5 கிராம் நிறுத்தால்தான் 75 கிராம் குளுக்கோஸ் வரும். இதைச் சரியாக நிறுப்பது லேப்பின் வேலை, கரண்டிக் கணக்குச் சரிவராது. ஒரே மூச்சில் இவ்வளவு இனிப்பு உள்ளே போனால் குமட்டும். வாந்தி எடுத்தால் அன்றைக்குப் பரிசோதனை அவ்வளவுதான், வேறு நாளைக்கு வர வேணும். குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலத்தில் இரண்டாவது இரத்தம். அதுவரைக்கும் வாங்கில் இருக்க வேணும். அந்த இடைவெளியில் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருகிற அம்மாமார் உண்டு, வெளியில் போய் சுருட்டுப் பற்றுகிற ஐயாமாரும் உண்டு. இரண்டும் எண்ணைக் கெடுக்கும்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாமல். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவர், 47 வயது, தமையனுக்குச் சீனி இருப்பதால் தானும் பார்க்க வந்தார். வெறும் வயிற்றில் 112. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் வந்து விரலில் பார்த்ததில் 163. "பயப்பட ஒன்றுமில்லை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து ஒரு டொக்டர் அந்தப் பழைய கடதாசியைப் பார்த்துவிட்டுக் குளுக்கோஸ் பரிசோதனைக்கு எழுதினார். எங்கள் லேப்பில் உடனுக்குடன் பிரித்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 121, இரண்டு மணித்தியாலத்தில் 224, அதே இரத்தத்தில் எச்பிஏ1சி 6.8. பாஸ்டிங் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் மற்ற இரண்டும் தாண்டிவிட்டன. இரண்டு வேறு பரிசோதனை, இரண்டிலும் எல்லைக்கு மேல், அன்றைக்கே முடிவு எழுதப்பட்டது. பாஸ்டிங் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இன்னும் கனகாலம் "ஒன்றுமில்லை" என்று வயலில் நின்றிருப்பார்.

அவருடைய எச்பிஏ1சி 6.2 என்று வந்திருந்தால்? ஒன்று மேலே, ஒன்று கீழே. அப்போது எது கோட்டைத் தாண்டியதோ அந்தப் பரிசோதனையைத்தான் இன்னொரு நாள் திருப்பிச் செய்ய வேணும். அதாவது குளுக்கோஸ் குடிப்பதை. இரண்டாவது தடவையும் 200ஐத் தாண்டினால் வருத்தம். தாண்டாமல் 180இலோ 190இலோ நின்றால் முந்திய நிலை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேணும். உங்கள் அம்மாவுக்கும் இதே வழிதான். பாஸ்டிங்கைத் திருப்பிப் பார்க்கும்போது இந்த முறை சுணங்காமல் பிரித்துப் பார்த்து 126ஐத் தாண்டி, குளுக்கோஸ் எண்ணும் 200ஐத் தாண்டினால் அந்த இரண்டுமே போதும், எச்பிஏ1சி வராவிட்டாலும் பரவாயில்லை.

எச்பிஏ1சியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பாததற்கும் ஒரு காரணம் உண்டு. அது சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கிற எண். நம் பெண்களில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது, அது இந்த எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளும். தலசீமியாப் பரம்பரை உள்ளவருக்கும், அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் அது சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுக்க முடியாது. அம்மாவுக்கு இரத்தசோகை என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானவருக்குக் குளுக்கோஸ் எண்களைத்தான் முன்னுக்கு வைக்க வேணும்.

போகிற அன்று ஒரு துண்டில் நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: இரவு கடைசியாகச் சாப்பிட்டது, முதல் இரத்தம் எடுத்தது, குளுக்கோஸ் குடிக்கத் தொடங்கியது, இரண்டாவது இரத்தம் எடுத்தது. இரத்தம் அங்கேயே பார்க்கிறார்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். அனுப்புகிறார்கள் என்றால், பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டுத்தான் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ கூட்டிக்கொண்டு போய் அங்கேயே எடுத்து அங்கேயே பார்ப்பது நல்லது. பழைய 119உம் 208உம் இருக்கிற கடதாசியை எறிந்துவிடாதீர்கள், புதியதோடு சேர்த்து டொக்டரிடம் காட்ட வேணும்.